முருகப்பச் செட்டியார் வண்டிக்கு வந்த உத்தரவுகள்

புதுக்கோட்டையில் திருமயம் போகிற ரோட்டில் வீரய்யாவின் பஸ் கூண்டுப் பட்டறை இருந்தது. சென்னையிலிருந்து வெறும் சேஸ் வரும். எஞ்சின், நாலு சக்கரம், ஸ்டீரிங், டிரைவர் உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். இருநூறு மைலுக்கு மேல் புழுதி தின்றுகொண்டு அதை ஓட்டி வந்த டிரைவர், இறங்கியதும் முதலில் கண்ணைக் கழுவுவார், பிறகுதான் பேசுவார். அந்த எலும்புக்கூட்டின் மேல் தேக்குச் சட்டம் நிறுத்தி, அலுமினியத் தகடு அடித்து, சீட்டுப் போட்டு, பெயிண்ட் பூசி, பஸ் என்று சொல்லும்படி ஆக்கி அனுப்புவது வீரய்யாவின் தொழில். மரமும் தகடும் அவருக்கு நன்றாகத் தெரியும். பேனாவைக் கண்டால் மட்டும் ஆகாது. அதனால் கடிதம் எழுத ஆத்மநாதனை வைத்திருந்தார்.

ஆத்மநாதன் சமஸ்தானத்து தர்பார் ஆபீசில் பதினாறு வருஷம் நகல் எழுதியவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அவருடைய மேஜையை யாரோ திருச்சிக்குக் கொண்டுபோனார்கள், அவரைக் கொண்டுபோகவில்லை. இந்தச் சங்கடத்தை அவர் யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டதில்லை. ஆனால் கடிதம் எழுதும்போது மட்டும் அவர் இன்னும் தர்பாரில்தான் உட்கார்ந்திருந்தார். லாரிக்காரனிடம் ஆணி வரவில்லை என்று எழுதினாலும் முதலில் க்ஷேமம் விசாரிப்பார், பிறகு 'நிற்க' என்று போடுவார், பிறகு ஆணியைச் சொல்லுவார், கடைசியில் 'தங்கள் மேலான உத்தரவை எதிர்பார்க்கும்' என்று முடித்து, கீழே வீரய்யாவின் கையெழுத்துக்கு இடம் விடுவார். இந்த முடிவை எழுதும்போது அவர் பேனா ஒரு சுழி கூடுதலாகச் சுழலும். கடிதத்தில் அது வேலை எதுவும் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதும் வேலை செய்வதற்காகவா, என்பது அவர் கட்சி.

ஐம்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் முருகப்பச் செட்டியாரின் சேஸ் வந்தது. செட்டியாருக்குத் திருமயத்துக்குப் பக்கத்து ஊர். பர்மாவில் முப்பது வருஷம் கடை நடத்திவிட்டு, அது போனபின் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்த்து, அது ஒத்துவராமல் பஸ் விடலாம் என்று இறங்கியவர். மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதிக்கு அவருக்கு பர்மிட் கிடைத்திருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் வண்டியை முடித்துப் பதிவு செய்து காட்ட வேண்டும், தவறினால் பர்மிட் அடுத்த மனுக்காரருக்குப் போய்விடும் என்று திருச்சியிலிருந்து வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. அடுத்த மனுக்காரர் தினமும் வந்து தன் காரை எதிர்க்கடையில் நிறுத்தி டீ குடித்துவிட்டுப் பட்டறையைப் பார்த்துவிட்டுப் போவார். பார்ப்பதற்கு ரொம்ப மரியாதையான ஆள்தான்.

பர்மிட் செட்டியாருடையது என்றாலும் பயம் வீரய்யாவுக்குத்தான் அதிகம். பட்டறை வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பட்டறையை நம்பிப் பதினொரு பேர் இருந்தார்கள். தேதிக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அதற்குப் பிறகு பெரிய பட்டறைகள் இருக்கிற கரூருக்குப் போகிற சேஸ் ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பாது. இதை அவர் ஆத்மநாதனிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். "தேதி தவறுச்சுன்னா எனக்கு அடுத்த வேல இல்ல, உங்களுக்கு எழுத காயிதம் இருக்காது. அம்புட்டுத்தான்யா."

பிளான் போட்டார்கள். நாற்பது சீட்டு, ஜன்னல் உயரம், கதவு எங்கிட்டு, மேலே சாமான் வைக்கிற கம்பி எவ்வளவு, எல்லாம் அளவோடு. ஜனவரி பதினெட்டாம் தேதி செட்டியார் நேரில் வந்து, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு அளவையும் விரல் வைத்துப் படித்து, இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். மார்ச் இருபத்து நாலு வண்டி தயார். இருபத்தெட்டு புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் புதுக்கோட்டைக்கு வருகிற நாள். அவர் பார்த்துப் பாஸ் பண்ணினால் முப்பத்தொன்றுக்குள் மிச்சக் காரியம் முடிந்துவிடும். இன்ஸ்பெக்டர் மாதத்தில் ஒரே நாள்தான் வருவார். இருபத்தெட்டை விட்டால் ஏப்ரல். ஏப்ரலில் பர்மிட் எதிர்க்கடையில் டீ குடிக்கிறவருடையது.

ஆத்மநாதன் அன்றைக்கே பிளான் கையெழுத்தானதையும் வேலை தொடங்கியதையும் ஒரு அழகான கடிதமாக எழுதி அனுப்பினார். க்ஷேமம், நிற்க, விவரம், தங்கள் மேலான உத்தரவை எதிர்பார்க்கும்.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் கண்டக்டர் தங்கமுத்து ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே செட்டியாரின் கடிதம். மேலே உ, அதன் கீழே சிவமயம். தங்கள் கடிதம் கிடைத்தது, சந்தோஷம். சீட்டு ரெக்ஸின் பச்சை என்று பிளானில் இருக்கிறது, அதைச் சிவப்பாகப் போடவும்.

ரெக்ஸின் இன்னும் வாங்கவில்லை. சிவப்பு போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆத்மநாதன் அப்படியே நடத்துவதாகப் பதில் எழுதினார். தங்கள் மேலான உத்தரவை எதிர்பார்க்கும்.

இரண்டு நாள் கழித்து உத்தரவு வந்தது. பக்கவாட்டில் ஓடும் கோடு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். அதையும் ஒப்புக்கொண்டு எழுதினார். மறுநாள் அடுத்தது: டிரைவருக்குப் பின்னால் சாமி படம் வைக்க ஒரு சட்டம் அடிக்கவும். அதுவும் சரி. நாலாவது, கண்ணாடி பெரியதாக. ஐந்தாவது, கைப்பிடிக் கம்பிக்கு நிக்கல் பூச்சு. ஆறாவதாக வந்த கடிதத்தைப் படித்துவிட்டு ஆத்மநாதன் வீரய்யாவைக் கூப்பிட்டார்.

"ஜன்னல ஒரு இஞ்சு ஒசத்தணுமாம்."

வீரய்யா உளியைக் கீழே வைத்தார். அப்போது பக்கத்துக்கு ஒன்பது தூண்களும் நின்று, ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற சட்டம் ஒவ்வொரு தூணிலும் துளை வெட்டிக் கோத்து இறுகியிருந்தது. ஒரு இஞ்சு என்பது காகிதத்தில் ஒரு இஞ்சு. மரத்தில் அது பதினெட்டுத் துளை. வெட்டின துளையை அடைக்கவும் முடியாது, அடைத்தாலும் அந்தத் தூண் பொன்னமராவதி ரோட்டைத் தாங்காது. பதினெட்டுத் தூணையும் புதிதாக இழைத்து நிறுத்த வேண்டும்.

"எத்தன நாளாகும்?" என்றார் ஆத்மநாதன்.

"ஒம்பது நாளு. மரம் கையில இருந்தா. நீங்க எழுதுங்க, நான் எழுதினா கெட்ட வார்த்தை வந்துரும்."

ஆத்மநாதன் எழுதினார். தாங்கள் கையெழுத்திட்ட பிளான்படி தூண்கள் நின்றுவிட்டன என்பதை மிகுந்த வணக்கத்துடன் தெரிவித்துக்கொண்டு, ஜன்னலை உயர்த்துவது இப்போது சாத்தியப்படாமைக்கு வருந்துவதாகச் சொன்னார். மறுப்பு என்று தெரியாமல் மறுப்பது தர்பாரில் கற்ற கலை. வீரய்யா வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "முடியாதுன்னு எங்க இருக்கு?" என்றார். "வருந்துகிறோம்னு இருக்குல்ல, அதுதான் அது" என்று விளக்கினார் ஆத்மநாதன். கடைசியில் வழக்கம்போல மேலான உத்தரவை எதிர்பார்த்தார்.

செட்டியார் புரிந்துகொண்டார். ஜன்னலைப் பற்றித் தாங்கள் எழுதியது நியாயமே, அது இருந்தபடி இருக்கட்டும். நிற்க. மேல் கம்பி முனைகளில் பித்தளைக் குமிழ் வைக்கவும்.

இப்படியே போயிற்று. மார்ச் பிறந்தபோது எண்ணிக்கை பதினாறு. ஆரம்பத்தில் வந்தவற்றிலாவது ஒரு தினுசு இருந்தது. போகப் போக என்ன யோசித்து எழுதுகிறார் என்றே தெரியவில்லை. கண்டக்டர் வெற்றிலைப் பெட்டி வைக்க ஒரு சிறு மாடம். பின்பக்க ஏணியில் ஒரு படி குறைக்கவும். அடுத்த கடிதத்தில் அந்தப் படியைத் திரும்ப வைக்கவும். கூரையின் உட்பக்கம் நடுவில் ஒரு தாமரை. டிரைவர் துண்டு மாட்ட ஒரு கொக்கி. துண்டுக் கொக்கிக் கடிதத்தை வீரய்யா தானே வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

பட்டறையில் வேலை தடுமாறத் தொடங்கியது. தகடு அடிக்கிற மலையாண்டி ஒவ்வொரு நாள் காலையும் முதல் பஸ் வருகிற வரைக்கும் சுத்தியலைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். "அடிச்சதப் பிரிக்கச் சொன்னா என் கை வலிக்கும், உங்க கையா வலிக்கும்" என்றான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் தங்கமுத்துவுக்காகக் காத்திருப்பதிலேயே போயிற்று. கணக்குப்படி இடது பக்கத் தகடு முழுக்க முடிந்திருக்க வேண்டிய நாளில் பாதிதான் முடிந்திருந்தது.

ஆத்மநாதனுக்குக் கோபம் வராது. வந்தாலும் அது எழுத்தில் தெரியாது. ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அந்தச் செட்டியாரின் மேல் ஒரு கசப்பு ஊறிக்கொண்டிருந்தது. விரல் வைத்துப் படித்துக் கையெழுத்துப் போட்ட மனுஷன் இப்படியா? இவருக்கு பர்மிட் வேண்டுமா, வேண்டாமா? நேரில் போய்ப் பேசலாம் என்றால் செட்டியார் வாய்ப் பேச்சில் காரியம் முடிக்கிறவர் இல்லை. வியாபாரம் என்றால் கடிதம் என்று பர்மாவில் வளர்ந்தவர். ஒரு தடவை வீரய்யா கடைவீதியில் அவரைப் பார்த்து வண்டி விஷயம் எடுத்தபோது, "எழுதுங்க, பாத்துப் பதில் போடுறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மார்ச் ஒன்பது, வெள்ளிக்கிழமை, பதினேழாவது வந்தது. ஜன்னலை உயர்த்த முடியாது என்றால் பரவாயில்லை, அரை இஞ்சு தாழ்த்த முடியுமா?

வீரய்யா படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, கூண்டுக்குள் ஏறி, கடைசி சீட்டு வர வேண்டிய இடத்தில் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் ஆத்மநாதனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஐயா, இன்னக்கி எழுதுறது கடைசிக் கடுதாசியா இருக்கணும்" என்றார் வீரய்யா இறங்கி வந்து. "மரியாதையாவே எழுதுங்க. ஆனா தேதிய மீறி ஒரு ஆணி மாத்த மாட்டோம்னு அந்த மனுசனுக்கு வெளங்கணும். வருந்துறோம்னு எழுதாதீங்க. எனக்கே வெளங்கல அது."

ஆத்மநாதன் உட்கார்ந்தார். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கை சுத்தமாக இருக்கும்போதே வீரய்யா நாலைந்து தலைப்புத் தாள்களில் அடியில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். பிறகு நாள் முழுக்க அவர் கை கிரீஸ். அப்படி ஒரு தாளை எடுத்து ஆத்மநாதன் எழுதத் தொடங்கினார். அன்றைக்கு அவர் க்ஷேமத்தை ஒரு வரியோடு நிறுத்தினார். நிற்க போட்டார். பிறகு நேரே விஷயத்துக்கு வந்தார்.

'தாங்கள் ஜனவரி 18-ம் தேதி கையெழுத்திட்ட பிளான்படி கூண்டு வேலை நடந்து வருகிறது. அதற்குப் பின் தாங்கள் தெரிவித்த பதினேழு மாற்றங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தங்கள் வண்டி நன்றாக அமைய வேண்டும் என்ற அக்கறையை அவற்றில் காண்கிறோம்.

ரெக்ஸின் நிறம், பக்கக் கோடு, சாமி படச் சட்டம் ஆகிய மூன்றும் தேதியைப் பாதிக்காதவை. அவற்றைச் செய்து தருகிறோம்.

ஜன்னல் உயரம் மாற்றத் தூண்கள் பதினெட்டையும் பிரிக்க வேண்டும். அதற்கு ஒன்பது நாள் ஆகும். மற்றவை தனித்தனியே சிறியவை. ஆனால் எல்லாம் சேர்ந்தால் ஏழு நாள் ஆகும். மார்ச் 24-ல் வண்டி முடியாவிட்டால் 28-ல் இன்ஸ்பெக்டர் பார்வைக்கு நிறுத்த முடியாது. நிறுத்தாவிட்டால் பர்மிட் நிலைக்காது. அந்த நஷ்டம் தங்களுக்கு வரக் கூடாது என்பதே எங்கள் எண்ணம்.

ஆகையால், ஜன்னல் நீங்கலாக உள்ள மற்ற மாற்றங்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்கிறோம். வண்டி பாஸ் ஆகி ஓடத் தொடங்கிய பிறகு, தங்களுக்குச் சௌகரியமான ஒரு வாரத்தில் வண்டியை விட்டால், வேண்டியவற்றைச் செய்து தருகிறோம். இப்போதே செய்ய வேண்டும் என்று தாங்கள் விரும்பினால், புதுத் தேதி குறித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதுவரை பிளானில் உள்ளபடியே வேலையை நிறுத்தாமல் நடத்திக்கொண்டிருக்கிறோம்.'

ஆத்மநாதன் நிமிர்ந்தார். எழுதினது எழுத்தாக இருந்தது. யாரையும் புண்படுத்தவில்லை, ஆனால் எதையும் ஒளிக்கவும் இல்லை. ஒரே ஒரு குறை, கடைசி வரி வீரய்யாவின் கையெழுத்தின் தலையில் இடித்துக்கொண்டு நின்றது. முடிவு எழுத இடம் இல்லை.

இன்னொரு தாளில் எல்லாவற்றையும் நெருக்கி எழுதலாம் என்று அவர் எடுத்தபோது வெளியே தங்கமுத்து ஹாரன் அடிக்கச் சொல்லி டிரைவரைத் தூண்டிக்கொண்டிருந்தான். மதியப் பஸ். வீரய்யா வந்து தாளை எடுத்து ஊதினார்.

"இருங்க, முடிவு போடல" என்றார் ஆத்மநாதன்.

"என் கையெழுத்து இருக்குல்ல. அதுக்கு மேல என்ன முடிவு?"

"மரியாதைக்கு ஒரு வரி வேணும்ங்க."

"ரெண்டு மாசமா குடுத்த மரியாதை அவருகிட்ட பாக்கி இருக்கும், அத வச்சுக்கிருவாரு" என்று சொல்லிக்கொண்டே வீரய்யா தாளை மடித்து உறையில் போட்டு, ஓடிப் போய்த் தங்கமுத்துவின் கையில் கொடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது.

ஆத்மநாதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் அவர் மொட்டையாக ஒரு கடிதம் அனுப்பியதில்லை. சட்டை போட்டு, வேட்டி கட்டி, செருப்பை மறந்து கல்யாணத்துக்குப் போய் நின்றாற்போல் இருந்தது.

மறுநாள் பதில் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தங்கமுத்து பட்டறை வாசலில் நிற்காமலே போனான். மலையாண்டி முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்து, அது போனபின், சுத்தியலை எடுத்தான். மூன்றாம் நாளிலிருந்து காத்திருப்பதையும் விட்டுவிட்டான். இடது பக்கத் தகடு முடிந்தது, வலது பக்கம் முடிந்தது, சீட்டு ஏறியது, சிவப்பு ரெக்ஸின் பளபளவென்று உட்கார்ந்தது. பெயிண்டு ஒரு பூச்சுக் காய்ந்து அடுத்த பூச்சு விழுந்தது. பட்டறையில் பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது.

வேலை இப்படி ஓட ஓட ஆத்மநாதனுக்குக் கலக்கம் கூடிக்கொண்டே போயிற்று. எந்தக் கடிதத்துக்கும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பதிலைத் தள்ளிப்போடாத மனிதர், இப்போது பத்து நாளாகப் பேச்சு மூச்சில்லை. கோபித்துக்கொண்டுவிட்டார், அதில் சந்தேகமே இல்லை. ஒரு நாள் ஆளோடு வந்து, கூண்டு ஏறினபடியே சேஸைக் கரூருக்கு ஓட்டிக்கொண்டு போனாலும் போவார். ஒரு வரியில் போன காரியம். அவர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவசரத்தில் முடிவு விட்டுப்போன குற்றத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று தொடங்கி, இரண்டு பக்கம். அதற்கு ஒரு முடிவுக்கு இரண்டு முடிவு போட்டார். வீரய்யா பார்த்துவிட்டு, "இத அனுப்புனீங்கன்னா நான் ஒங்களைத் தகடோட சேத்து அடிச்சிருவேன்" என்றார். நிதானமாகத்தான் சொன்னார். கடிதம் ஆத்மநாதனின் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

மார்ச் இருபத்து மூன்று சாயங்காலம் வண்டி முடிந்தது. ஒரு நாள் முன்னாலேயே.

இருபத்தெட்டாம் தேதி காலை முருகப்பச் செட்டியார் வந்தார். வெள்ளை வேட்டி, மேலே துண்டு, கையில் ஒரு துணிப்பை. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஜன்னலுக்கு நேரே நின்று பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஆத்மநாதன் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாமல், தன் மேஜையில் இருந்த காகிதங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அவை ஏற்கனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வந்தார். டேப்பைப் பிடித்து நீளம், அகலம் அளந்தார். சீட்டை எண்ணினார், நாற்பது. ஏறி உட்கார்ந்து ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, பிரேக் அடிக்கச் சொல்லி, இறங்கித் தரையில் விழுந்த டயர்த் தடத்தைக் குனிந்து பார்த்தார். விளக்கு, ஹாரன், அவசர வழி. பிளானை வாங்கி ஒப்பிட்டார். செட்டியார் கேட்டுச் செய்த அந்த மூன்றைத் தவிர, பிளானில் இருப்பது வண்டியில் இருந்தது, வண்டியில் இருப்பது பிளானில் இருந்தது. அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. ஒரு மணிக்குப் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கடையில் அன்றைக்கு அந்தக் கார் நிற்கவில்லை.

வீரய்யா கூண்டின் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான கைதான். மலையாண்டியும் மற்றவர்களும் தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆத்மநாதன் பட்டியலை எடுத்துக்கொண்டு செட்டியாரிடம் போனார். வாக்கு வாக்குத்தான். பித்தளைக் குமிழ், வெற்றிலை மாடம், தாமரை, துண்டுக் கொக்கி, எல்லாம் அழகாக எழுதியிருந்தது.

"ஐயா, நாங்க எழுதின மாதிரி, மத்த மாத்தத்தையெல்லாம் எந்த வாரம் வச்சுக்கலாம்னு சொன்னீங்கன்னா..."

செட்டியார் பட்டியலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டார். மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

"நீங்க எழுதினதுதாங்க."

"நான் எழுதுனதுதான். எனக்கு வேணும்னா எழுதுனேன்? நீங்க கேட்டீங்க, எழுதுனேன்."

ஆத்மநாதன் பட்டியலை எட்டி இன்னொரு தடவை பார்த்தார்.

செட்டியார் துணிப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். ஆத்மநாதன் அனுப்பிய கடிதங்கள், தேதி வரிசையில், நூலால் கட்டியிருந்தன. மேலாக இருந்த ஒன்றை விரித்துக் கடைசி வரியைக் காட்டினார். தங்கள் மேலான உத்தரவை எதிர்பார்க்கும். அடுத்ததை விரித்தார். அதிலும் அதுவே இருந்தது. அந்தக் கூடுதல் சுழியோடு.

"பர்மாவுல எங்க கடையில ஏஜண்டு இப்பிடி எழுதுனான்னா, உத்தரவு போற வரைக்கும் வேலைய நிறுத்திட்டு ஒக்காந்திருக்கான்னு அர்த்தம்" என்றார் செட்டியார். "மொதலாளி மறுதபால்லயே உத்தரவு அனுப்பலைன்னா அங்க எல்லாம் நின்னுபோகும். அப்பிடி நின்னு ஒரு கடையே போனத நான் பாத்திருக்கேன். நீங்க ஒவ்வொரு தடவையும் கேக்குறீங்க. எனக்கானா பிளானுல ஒரு கொறையும் தெரியல. என்ன எழுதுறது? நானும் ஆச்சியும் ரெண்டு நா ஒக்காந்து யோசிச்சோம். அந்தத் துண்டுக் கொக்கி ஆச்சி சொன்னது."

ஆத்மநாதன் சட்டைப் பையிலிருந்த மன்னிப்புக் கடிதத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். காது சூடேறியது. இரண்டு மாதமாக அவர் இந்த மனிதரை மனத்துக்குள் என்னென்னவோ சொல்லியிருந்தார். அதில் ஒன்றைக்கூட இப்போது நினைத்துப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. பின்னால் வீரய்யா கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"அந்தக் கடைசிக் கடிதாசியிலதான் நீங்க உத்தரவு கேக்கல" என்று செட்டியார் தொடர்ந்தார். "வேலைய நிறுத்தாம நடத்துறோம்னு எழுதியிருந்தீங்க. அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்குனேன். பதில் எழுதி ஒங்கள மறுபடி கலைக்க வேணாம்னு கையக் கட்டிக்கிட்டு இருந்துட்டேன்."

"அப்ப தேதிய நெனச்சு..." என்று ஆரம்பித்தார் ஆத்மநாதன்.

"தேதிய நெனச்சுத்தாங்க எல்லாம்" என்றார் செட்டியார். "நான் ஒரு நாள் தாமசம் பண்ணுனா இங்க பதினொரு பேரு ஒரு நாள் சும்மா ஒக்காந்திருப்பாகளே. அதான் விடியமுன்னயே எழுந்திரிச்சு எழுதி, மொத பஸ்ஸுக்கே குடுத்தனுப்புனேன்."